நகர்ந்த வரப்பு

நடு வயலின் கிழக்குக் கீற்றுக்குப் போக வேண்டுமென்றால் தியாகராசன் நேராகப் போகமாட்டார். தன் வயலிலிருந்து தம்பி வயலைக் குறுக்கே கடந்தால் இருபது தப்படிதான். அவரோ வாய்க்கால் கரையேறி, மதகைத் தாண்டி, வடிகால் ஓரமாகக் கால் மணி நேரம் சுற்றிப் போவார். உர மூட்டை தோளில் இருந்தாலும் அதே வழிதான். மழை பெய்தாலும் அதே வழிதான். ஊரில் இதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். முதலில் கேலி செய்தார்கள், பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எட்டு கிலோமீட்டரில் இருக்கிறது ஆலமருதூர். தியாகராசனுக்கு இப்போது அறுபத்து நான்கு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவோடு ஏரில் இறங்கியவர். அவருக்குக் கீழே இரண்டு தம்பிகள். நடுவில் இளம்பரிதி, கடைசியில் பிரபு. அப்பா 1998-இல் இறந்தபோது விட்டுப்போன நிலம் நான்கு ஏக்கர் முப்பத்திரண்டு சென்ட். அது ஒரே இடத்தில் இல்லை. வாய்க்கால் தலைப்பில் நூற்றெட்டு சென்ட், ஊருக்கு நடுவே நூற்று நாற்பத்து நான்கு சென்ட், கடைமடையில் உப்புத் தட்டிய நூற்றெண்பது சென்ட்.

தலைப்பு வயலில் தண்ணீர் முதலில் ஏறும். கடைமடையில் கடைசியாக வரும், சில வருடம் வராமலே போகும். அதனால் ஆளுக்கு ஓரிடம் என்று பிரித்துக்கொள்ள யாரும் சம்மதிக்கவில்லை. மூன்று இடத்தையும் மூன்றாகக் கிழித்தார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாயிற்று. சர்வேயர் வந்து உட்பிரிவு செய்து கல் நட்டார். மூன்று வயல் ஒன்பது கீற்றாயிற்று. நடு வயலில் ஆளுக்கு நாற்பத்தெட்டு சென்ட்: ஐந்நூறு அடி நீளம், நாற்பத்திரண்டு அடிக்கும் சற்றுக் குறைவான அகலம். மேற்கே வாய்க்காலை ஒட்டித் தியாகராசன், நடுவே இளம்பரிதி, கிழக்கே பிரபு.

அந்தச் சமமான பங்குதான் தியாகராசனுக்கு உறுத்தியது. பதிமூன்று வயதிலிருந்து சேற்றில் நின்றவனுக்கும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வந்தவனுக்கும், சிங்கப்பூர் போகப் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்தவனுக்கும் ஒரே அளவா? அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. மண்வெட்டியிடம் மட்டும் சொன்னார்.

ஒவ்வொரு வருடமும் நடவுக்கு முன்னால் வரப்பைச் சீர் செய்வார்கள். தன் பக்கத்துப் புல்லை மண்ணோடு செதுக்கி, சேற்றை எடுத்து வரப்பில் அணைப்பது வழக்கம். முதல் வருடம் தியாகராசன் கொஞ்சம் ஆழமாகச் செதுக்கினார். செதுக்கிய மண்ணைத் தம்பி பக்கத்தில் அணைத்தார். வரப்பு மெலியவில்லை, இடம் மட்டும் மாறியது. ஒரு சாண்கூட இல்லை. அடுத்த வருடமும் அப்படியே. ஏழு வருடத்தில் வரப்பு நாலரை அடி கிழக்கே நடந்திருந்தது. ஐந்நூறு அடி நீளத்துக்கு நாலரை அடி என்றால் ஐந்து சென்ட்.

இளம்பரிதி எதையும் அளந்து பார்க்கும் ஆள். விதை நெல்லை எடை போடுவான், நாற்றுக்கட்டை எண்ணுவான், மழையை ஒரு டப்பாவில் பிடித்துக் காலண்டரில் குறிப்பான். 2005 சம்பாவில் தனக்கு நாற்றுக்கட்டு மிஞ்சியபோதுதான் அவனுக்குச் சந்தேகம் வந்தது. முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனான். ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள மனைவி ஜெயபாரதியைக் கூப்பிட்டான். மூன்று இடத்தில் அளந்தான். மூன்று இடத்திலும் குறைந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய்த் தணிவாகத்தான் கேட்டான்.

"அண்ணே, நடு வயல் வரப்பு கொஞ்சம் இந்தப் பக்கம் வந்திருக்கு. அறுவடை முடிஞ்சதும் ரெண்டு பேருமா சேந்து சரி பண்ணிடுவோம்."

"வரப்புக்குக் காலா இருக்கு, நடந்து வர? உன் கயிறு நனைஞ்சு சுருங்கியிருக்கும்" என்றார் தியாகராசன்.

தம்பி தாலுகா ஆபீசில் அளவைக்கு மனுக் கொடுத்தான். 2006 மாசியில், அறுவடை முடிந்து தாள் காய்ந்து கிடந்தபோது சர்வேயர் வந்தார். ஊரில் இருபது முப்பது பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். இருவர் வயலுக்கும் நடுவே எல்லையில் வடக்கு முனையில் ஒரு கல், தெற்கு முனையில் ஒரு கல் இருக்க வேண்டும். இரண்டுமே இல்லை. முந்தின நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், மண் மூடிக் கிடந்த அவற்றைத் தியாகராசன் கடப்பாரையால் நெம்பி எடுத்து வடிகாலின் ஆழத்தில் தள்ளியிருந்தார்.

"பக்கத்துச் சர்வே நம்பர் கல்லுல இருந்து பிடிச்சு வரணும். முழு நாள் வேலை. இன்னொரு தேதி குடுக்குறேன்" என்று சர்வேயர் படத்தைச் சுருட்டினார்.

அந்த நேரம் பேசாமல் இருந்திருக்கலாம் என்று தியாகராசன் பின்னாளில் எத்தனையோ முறை நினைத்தார். ஆனால் பேசினார். கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகவே பேசினார்.

"அப்பா போய் எட்டு வருஷம் ஆகல. கூடப் பொறந்தவனைத் திருடன்னு நிரூபிக்க ஊரைக் கூட்டியிருக்கான். எங்கடா கல்லு? காட்டு பாப்போம்!"

யாரோ சிரித்தார்கள். இளம்பரிதி கையிலிருந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். நாலைந்து நாள் கழித்து ஒரு விடியற்காலை, உப்பளத்தில் வேலை இருக்கிறதாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஜெயபாரதியிடம் சொல்லி வேதாரண்யம் பஸ் ஏறினான். அப்போது மகள் மதிவதனிக்கு நான்கு வயது.

அதன் பிறகு அவன் வரவில்லை.

தேடாமலில்லை. உப்பளம் உப்பளமாகப் போய்ப் போட்டோவைக் காட்டினார்கள். இரண்டு வாரம் இருந்தான், போய்விட்டான் என்று ஒருவர் சொன்னார். போலீசில் புகார் கொடுத்தார்கள். பிரபு சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்து நாகப்பட்டினம், காரைக்கால் என்று அலைந்தான். தியாகராசனும் அலைந்தார், யாரையும்விட அதிகமாக. சர்வேயர் கொடுத்த இரண்டாவது தேதி வந்தது. மனுச் செய்தவர் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அந்த வருடத்திலிருந்து தியாகராசன் அந்த வரப்பைத் தொடவில்லை. பிரபுவின் கீற்றுகளையும் அவரே சாகுபடி செய்தார் என்பதால் கிழக்கே போய்த்தான் ஆகவேண்டும். ஆனால் வரப்பை மிதிக்கக் கால் எழவில்லை. வெயில் தாழும் நேரத்தில் மதகடியில் நின்று பார்த்தால் நடு வயலில் ஒரு ஆள் குனிந்து நிற்பது போலத் தெரியும். கயிற்றின் ஒரு முனையைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு முனையைப் பிடிக்க ஆள் வருமென்று காத்திருப்பது போல. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் கோரைப் புல் அசைந்துகொண்டிருக்கும். வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போய் மொட்டை போட்டார். கண் டாக்டரிடமும் போனார். கண்ணில் புரை எதுவும் இல்லை என்றார்கள்.

ஜெயபாரதி தன் மூன்று கீற்றுகளையும் விடவில்லை. ஆள் வைத்து நட்டாள், தானும் இறங்கிக் களை பறித்தாள். மூத்தார் தியாகராசனிடம் தண்ணீர் முறை பற்றி மட்டும் பேசுவாள். அவள் கழுத்தில் தாலி இருந்தது. நெற்றியில் பொட்டு இருந்தது. கல்யாண வீடுகளில் அவளை முன்னால் கூப்பிடலாமா கூடாதா என்று தெரியாமல் பெண்கள் தடுமாறினார்கள். அவள் தானே பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

2014 புரட்டாசியில் ஒரு நாள் காலை பத்து மணி. தியாகராசன் வீட்டு வாசலில் விதை நெல்லைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய அம்மா நாகம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். போன் அடித்தது. தெரியாத எண்.

"அண்ணே... நான்தான்."

மறுமுனையில் லாரி போகும் சத்தம். பிறகு தம்பி கேட்டான்.

"நடு வயல் வரப்பு இப்ப எங்க இருக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டான். தியாகராசன் போனைத் துண்டித்தார். மறுபடியும் அடித்தது. எடுக்கவில்லை. இன்னொரு முறை அடித்து நின்றது.

"யாருப்பா?" என்றார் நாகம்மாள்.

"ராங் நம்பரு."

எட்டு வருடமாகத் தெருமுனையில் பஸ் நிற்கும்போதெல்லாம் எழுந்து பார்க்கும் அம்மா, மறுபடி கீரையை ஆய ஆரம்பித்தார். மூன்று நாள் கழித்துத் தியாகராசன் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டார். யாரோ தெலுங்கில் பேசினார்கள். ஒன்றும் புரியவில்லை. அதோடு விட்டுவிட்டார். நாகம்மாள் 2017-இல் இறந்தார். கடைசி வாரம் நினைவு தப்பியபோது நடு மகன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார். தியாகராசன் அந்தக் கட்டிலருகே உட்கார முடியாமல் வாசலிலேயே நின்றார்.

இது இப்படியே அவரோடு மண்ணுக்குள் போயிருக்கும், 2021 தை மழை வராமல் இருந்திருந்தால்.

அந்த வருடம் ஜெயபாரதி நடு வயலில் குறுகிய நாள் ரகம் போட்டிருந்தாள். தியாகராசன் போட்டது பதினைந்து நாள் பிந்தும் ரகம். பொங்கலுக்கு முன்பே அவள் கீற்று பழுத்துவிட்டது. அறுவடை மெஷின் வாய்க்கால் கரை வழியாகத்தான் வர முடியும். அவள் கீற்றுக்குள் இறங்க வேண்டுமானால் மேற்கே தியாகராசனின் பச்சைப் பயிரை மிதிக்க வேண்டும். கிழக்கே பிரபு கீற்றும் பச்சை. கையால் அறுக்க ஆள் தேடினாள், கிடைக்கவில்லை. காத்திருந்தாள். அறுவடைக் காலத்தில் பெய்யக் கூடாத மழை எட்டு நாள் பெய்தது. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைவிட்டது. பச்சைப் பாய் விரித்தது போல வயல் முழுக்க முளை.

மதிவதனிக்கு அப்போது பத்தொன்பது வயது. திருவாரூரில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் நேராகப் பெரியப்பாவிடம் வந்தாள்.

"பெரியப்பா, ஒன்பது துண்டை வச்சுக்கிட்டு யாருக்கு என்ன லாபம்? மெஷின் உள்ள வந்தா திரும்ப இடமில்ல. வரப்புலயே பாதி மண்ணு போகுது. ஆளுக்கு ஒரு வயலா மாத்திக்குவோம். சித்தப்பாகிட்டயும் பேசிட்டேன்."

பிரபு போனில் அதையே சொன்னான். "அண்ணே, துண்டு துண்டா கிடந்தா குத்தகைக்குக்கூட யாரும் எடுக்க மாட்டேங்குறான். எனக்கு எந்த வயலா இருந்தாலும் சரி, ஒரே இடமா இருந்தா போதும்."

கணக்கும் எளிதாகவே இருந்தது. தலைப்பு வயல் பரப்பில் சிறியது, மதிப்பில் பெரியது. கடைமடை அதற்கு நேரெதிர். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டால் ஏறக்குறையச் சமமாகிவிடும். மூன்று பேரும் பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தால் போதும்.

மூன்று பேரும். அங்கேதான் நின்றது.

திருத்துறைப்பூண்டியில் வக்கீல் ரசியா பேகத்திடம் போனார்கள். அவர் பத்திரங்களையெல்லாம் படித்துவிட்டு ஜெயபாரதியைப் பார்த்தார்.

"அம்மா, ஆறு கீற்றுக்குக் கையெழுத்து ரெடி. உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கிற மூணுக்குத்தான் ஆள் இல்ல. அவருக்காக நீங்க போட முடியாது. ஏழு வருஷமா அவரைப் பத்தித் தகவலே இல்லைன்னா, இறந்ததாகக் கருதணும்னு கோர்ட்ல கேட்கலாம். தீர்ப்பு வந்தா இறப்புச் சான்றிதழ், அப்புறம் வாரிசுச் சான்றிதழ். அதுக்கப்புறம் நீங்களும் மகளும் கையெழுத்துப் போடலாம்."

ஜெயபாரதி ஒரு வருடம் யோசித்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. 2022 ஆடியில், சரி என்றாள்.

சாட்சி வாக்குமூலம் தயார் செய்யத் தியாகராசனையும் கூட்டிக்கொண்டு போனாள். மத்தியான வெயில். மின்விசிறிக் காற்றில் காகிதங்கள் படபடத்துக்கொண்டிருந்தன. ரசியா பேகம் வாசித்துக் காட்டினார்.

"2006 மார்ச்சுக்குப் பிறகு மேற்படி இளம்பரிதியை நானோ என் குடும்பத்தாரோ பார்த்ததில்லை, அவரிடமிருந்து எவ்விதத் தகவலும் வந்ததில்லை... சரிதானுங்களா ஐயா? இங்க கையெழுத்துப் போடுங்க."

தியாகராசன் பேனாவை வாங்கினார். பேனா முனை காகிதத்தில் பட்டது. அவர் கை அப்படியே நின்றது.

"வந்துச்சுங்க" என்றார்.

"என்ன வந்துச்சு?"

"போன் வந்துச்சு. ரெண்டாயிரத்திப் பதினாலுல."

அவர் தலையைத் தூக்காமலே முழுவதையும் சொன்னார். தம்பி கேட்ட கேள்வியை, தான் துண்டித்ததை, அம்மாவிடம் சொன்ன பொய்யை, வடிகாலில் தள்ளிய கற்களை. சொல்லி முடித்ததும் மனம் லேசாகும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். ஆகவில்லை.

ஜெயபாரதி அழவில்லை.

"குரல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சும்மா."

"சளி கட்டியிருந்துச்சா? அவருக்குப் புரட்டாசின்னா சளி பிடிக்கும்."

"இல்ல."

"என்னைக் கேட்டாரா? பாப்பாவை?"

"நான் பேச விடலம்மா. கட் பண்ணிட்டேன்."

அவள் எழுந்து வெளியே போனாள். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது. ரசியா பேகம் வாக்குமூலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார். "சட்டப்படி பார்த்தா அந்தப் போனுக்கும் அப்புறம் எட்டு வருஷம் ஆகப்போகுது. வழக்கு நிக்கும். ஆனா இதை மறைக்க முடியாது ஐயா. வாக்குமூலத்துல எழுதணும். கோர்ட்ல நீங்களே சொல்லணும்."

அந்த எண்ணைத் தியாகராசன் பழைய போனிலேயே வைத்திருந்தார். மதிவதனி வந்து போனை வாங்கிக்கொண்டு போனாள். நெல்லூர்ப் பக்கத்துத் தரைவழி எண். தாயும் மகளும் ரயிலேறிக் கூடூரில் இறங்கினார்கள். விசாரித்து விசாரித்து, அந்த எண் ஒரு கிராமத்துக் கடையில் இருந்த காயின் போன் என்று கண்டுபிடித்தார்கள். கடை இப்போது ரீசார்ஜ் கடையாக மாறியிருந்தது. கடைக்காரரின் மனைவி போட்டோவைப் பார்த்துவிட்டுத் தெரியும் என்றார். ஒரு தமிழ் ஆள் நாலைந்து வருடம் அங்கே கூலிக்கு இருந்தாராம். வரப்புப் போடுவதில் அவரைப் போல ஒருவர் கிடையாதாம். நூல் பிடித்தது போல நேராக வைப்பாராம். யார் வயலில் வேலை செய்தாலும் ஒரு பக்கமும் ஒரு விரல்கூடச் சாய்க்கமாட்டாராம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஒரு கும்பலோடு வடக்கே வேலைக்குப் போனார். திரும்பவில்லை.

எட்டு நாள் தேடினார்கள். இரண்டு போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு ஊர் வந்தார்கள். மேலும் எட்டு மாதம் காத்திருந்தார்கள். போன் வரவில்லை.

2023-இல் வழக்குப் போட்டார்கள். பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. போலீஸ், கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று கொடுத்தது. கூண்டில் ஏறித் தியாகராசன் போன் வந்ததைச் சொன்னார். ஜெயபாரதியிடம், உங்கள் கணவர் இறந்துவிட்டார் என்று நம்புகிறீர்களா என்று கேட்டார்கள்.

"தெரியலங்க. இருந்தா வந்திருப்பாரு. பாப்பாவைப் பாக்காம இருக்க மாட்டாரு. அதுதாங்க எனக்குத் தெரியும்."

2024 தொடக்கத்தில் தீர்ப்பு வந்தது. சான்றிதழ்கள் வந்தன. பட்டாவில் இளம்பரிதி பெயர் போய், ஜெயபாரதி, மதிவதனி என்று வந்தது. இனிப் பத்திரம் எழுதலாம் என்று எல்லோரும் நினைத்தபோது ஜெயபாரதி மகளிடம் ஒரே ஒரு பேச்சைச் சொல்லியனுப்பினாள். சேர்ப்பதற்கு முன்னால் நடு வயலை அளக்க வேண்டும்.

2024 வைகாசி. கோடை உழவுக்கு முந்தின நாள். சர்வேயர் பாசித் இளம் வயதுக்காரர். நில வரைபடத்தைப் பார்த்தார், எல்லாவற்றையும் கேட்டார், புரியாமல் சிரித்தார்.

"எப்படியும் மூணையும் ஒண்ணாக்கப் போறீங்கம்மா. நாளைக்கு இந்த வரப்பே இருக்காது. நடுவுல கல்லு எதுக்கு?"

"ஒரு நாளைக்காவது நிக்கட்டும் சார்" என்றாள் ஜெயபாரதி.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆனாலும் ஆட்கள் வந்துவிட்டார்கள். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் இருந்தார்கள், மூப்படைந்து, குடையோடு. பாசித் பக்கத்து எல்லைக் கல்லிலிருந்து கருவியை வைத்துப் பிடித்து வந்தார். வடக்கு முனையில் ஒரு குச்சி அடித்தார். பிறகு தெற்கு முனையில் ஒன்று. இரண்டு குச்சியும் வரப்புக்கு மேற்கே, தியாகராசன் வயலுக்குள் நின்றன.

"நாலடி ஆறு அங்குலம்" என்று பாசித் குறித்துக்கொண்டார்.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. தியாகராசன் கூட்டத்திலிருந்து விலகி வந்தார். கடப்பாரையை வாங்கிக் குழி தோண்டினார். சர்வேயர் கொண்டுவந்திருந்த புதுக் கல்லைத் தூக்க ஒருவர் கை கொடுக்க வந்தார், வேண்டாமென்றார். இரண்டு முனையிலும் கல்லை நட்டு மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"அன்னைக்குக் கல்லைப் பிடுங்கினது நான்தான். இளம்பரிதி சொன்னது நெசம்" என்றார்.

குரல் போதவில்லை. பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது. ஆகவே இன்னொரு முறை சொன்னார்.

ஜெயபாரதி தெற்கு முனைக்குப் போய் அங்கே நட்ட கல்லின் அருகே நின்றாள். வடக்கு முனையில் மகள் நின்றாள். இருவருக்கும் நடுவே ஐந்நூறு அடிக்கு அறுத்த நெல் தாள். ஆட்கள் கலைந்தார்கள். மறுநாள் டிராக்டர் வந்து வரப்புகளைச் சமன் செய்தது. கற்களை மதிவதனி வாய்க்கால் கரையில் சாய்த்துவைத்தாள்.

பத்திரம் எழுதும்போது தலைப்பு வயலை ஜெயபாரதி எடுத்துக்கொள்ளட்டும் என்றார் தியாகராசன். மகள் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"அம்மா வேண்டாம்னுட்டாங்க பெரியப்பா. எங்களுக்கு நடு வயல்தான் வேணுமாம்."

"அப்ப தலைப்பு பிரபுவுக்கு. கடைமடை எனக்கு."

"மூத்தவங்க நீங்க. கடைமடைல உப்பு ஜாஸ்தி."

"இருக்கட்டும்மா."

பிரபு சிங்கப்பூரிலிருந்து அதிகாரப் பத்திரம் அனுப்பினான். 2025 மாசியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டோ எடுத்து, கைரேகை வைத்து, கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பது கீற்று மூன்று வயலாயிற்று. ஜெயபாரதி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூத்தார் கையில் கொடுக்கவில்லை, மேசைமேல் வைத்தாள். அவர் எடுத்துக்கொண்டார்.

அந்த வருடச் சம்பாவில் மெஷின் நடு வயலில் இறங்கி மூன்று மணி நேரத்தில் அறுத்து முடித்தது. விளைச்சல் நன்றாகவே இருந்தது. ஜெயபாரதி அதைப் பற்றித் தியாகராசனிடம் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் முறைகூட இப்போது அவர்களுக்குள் பொதுவில் இல்லை என்பதால் பேச வேண்டிய காரணமும் தீர்ந்துபோயிருந்தது. தெருவில் எதிரே வந்தால் அவள் ஒதுங்கி வழிவிடுவாள். அவ்வளவுதான்.

தியாகராசன் கடைமடையில் ஜிப்சம் போட்டு உப்பை முறிக்கப் பார்க்கிறார். பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிறார். தன்னந்தனியான நூற்றெண்பது சென்ட், நாலாபுறமும் அந்நியர் வயல். அங்கே வரப்புச் செதுக்கும்போது தன் பக்கத்திலேயே ஒரு சாண் விட்டுவிட்டுச் செதுக்குகிறார். பக்கத்து வயல்காரர் பார்த்துவிட்டு, ஏன் இப்படி இடத்தை வீணாக்குறீங்க என்று கேட்டார்.

சென்ற ஆடி அமாவாசைக்கு அவர் கோடியக்கரைக்குப் போனார். வருடா வருடம் போவதுதான். கடலில் முழுக்குப் போட்டுவிட்டுக் கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களோடு உட்கார்ந்தார். ஐயர் எள்ளும் தண்ணீரும் கையில் விட்டு, அப்பா பெயர் கேட்டார். சொன்னார். தாத்தா பெயர், அம்மா பெயர் கேட்டார். சொன்னார்.

"வேற யாராவது காலமாயிருக்காளா? பேர் சொல்லுங்கோ."

இறப்புச் சான்றிதழில் தம்பி பெயரும் தேதியும் இருந்தன. தியாகராசன் வாயைத் திறந்தார். கையில் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஐயர் இரண்டாவது முறை கேட்டார். அலை வந்து காலை நனைத்துவிட்டுப் போயிற்று. தியாகராசன் பெயரைச் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. விரல் இடுக்கு வழியே தண்ணீர் முழுவதும் வடிந்து, உள்ளங்கையில் எள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஐயர் அடுத்தவரிடம் நகர்ந்தார்.